சூப்பர் மாரியோ 64: கதவு திறக்காமலே மாரியோ உள்ளே போனது எப்படி?

மாடிப்படி: 50 நட்சத்திரம் சேர்த்தால்தான் திறக்கும் அந்தக் கதவு இன்னும் மண்டைக்குள் குடைகிறது. அண்ணன் கதவுக்கு முதுகைக் காட்டி மாரியோவைப் படிக்கட்டில் நிறுத்தி, Z-ஐப் பிடித்துக்கொண்டு, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து, A-வைத் தட்டிக்கொண்டே இருந்தான். மாரியோ ஒரே இடத்தில் துடித்தார். அடுத்த கணம் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். கதவு அசையக்கூட இல்லை!

பழைய கேசட்: அது நிண்டெண்டோ 64-இன் பலவீனம். படம் திக்கும்போது சுவர்ச் சோதனையை விட்டுவிடும்.

நிழல்வரி: இல்லை, சோதனை ஒன்றுகூட விடுபடுவதில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் மாரியோவின் நகர்வை நான்காகப் பிரித்து, நான்கு இடத்திலும் சுவர் இருக்கிறதா என்று பார்க்கிறது. இடைப்பட்ட வழியைத்தான் பார்ப்பதில்லை. சிக்கல் உங்கள் அண்ணன் செய்த நீளத் தாண்டலில்தான், ஒவ்வொரு தாண்டலும் வேகத்தை ஒன்றரை மடங்காக்கும்:

```c
if ((m->forwardVel *= 1.5f) > 48.0f)
    m->forwardVel = 48.0f;
```

முன்னால் போனால் வேகம் 48-இல் நின்றுவிடும், கால் பங்கு 12 அலகு. சுவர் தன் இருபுறமும் 50 அலகுக்குள் வந்தவரைத் தள்ளிவிடும். அந்த 100 அலகுப் பட்டையை 12, 12 ஆக நகர்ந்து ஏமாற்ற முடியாது. ஆனால் பின்னோக்கிய வேகம் எதிர்மறை எண், அதற்கு வரம்பே எழுதவில்லை. படியில் உடனே கால் பதிவதால் மறுபடி மறுபடி தாண்டலாம். -16-இல் தொடங்கினால் எட்டாவது தாண்டலில் ஏறக்குறைய -410. கால் பங்கு 102. ஒரு சோதனை பட்டைக்கு முன்னால், அடுத்தது பின்னால் விழ வாய்ப்பு வந்துவிட்டது. வேகம் ஏற ஏற வாய்ப்பும் கூடும். 1997-இல் ஜப்பானில் வந்த ஷிண்டோ பதிப்பில் இதை அடைத்துவிட்டார்கள்.

பழைய கேசட்: சரி, அப்படியானால் வேகம் மட்டும் இருந்தால் எந்தச் சுவரையும் கடக்கலாமே?

நிழல்வரி: போய்ச் சேரும் இடத்தில் தரையும் வேண்டும். கீழே தரையே இல்லாத இடத்துக்கு நகர விடாது, சுவரில் முட்டியதாகவே கணக்கு. கதவுக்குப் பின்னால் அறை இருக்கிறது, அதனால் நடந்தது.

முதல் விளையாட்டு: எனக்கும் இதே கதைதான். யூனிட்டியில் நான் செய்யும் ஆட்டத்தில் 20 செ.மீ. பந்து 20 செ.மீ. சுவரை ஊடுருவிப் போகிறது. கண்ணெதிரே போனது, ஒரு சத்தமும் இல்லை. வேகம் விநாடிக்கு 40 மீட்டர்.

தெற்குத்தெரு: யூனிட்டி வழக்கமாக 0.02 விநாடிக்கு ஒருமுறைதான் இயற்பியலைக் கணக்கிடும். அதற்குள் உங்கள் பந்து 80 செ.மீ. போய்விடுகிறது. Rigidbody-இல் Collision Detection-ஐ Discrete-இலிருந்து Continuous ஆக்குங்கள், வழியையும் பார்க்கும். அப்புறம் transform.position-ஐ நேரடியாக மாற்றாதீர்கள், மாற்றினால் அந்த அமைப்பு உதவாது. சுவரின் கொலைடரைக் கண்ணுக்குத் தெரியாத பக்கமாகத் தடிமனாக்கினாலும் நல்லது. மாரியோவுக்கும் இப்படி வழியைப் பார்த்திருக்கலாம்.

நிழல்வரி: 1996-இன் வன்பொருளில் வழி முழுவதையும் பார்ப்பது எளிதல்ல. பின்னோக்கிய வேகத்துக்கு ஒரு வரம்பு போதும்.

மாடிப்படி: வேகம் புரிந்தது. ஆனால் வேறோர் ஆட்டத்தில் மெதுவாக நடந்தே இரண்டு சுவர்கள் சேரும் மூலைக்குள் நுழைந்துவிட்டேன். ஒரு சுவர் தள்ளியது மற்றதன் உள்ளே போட்டதா? யாருக்காவது நடந்திருக்கிறதா?