பெயரை மறைத்துக் கட்டுரை அனுப்பிய அனுபவம்

பாலாற்றங்கரை, வேலூர்
என் மாணவியின் கட்டுரை, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைப் பக்கத்துக் கிணற்றுநீரில் உள்ள குரோமியம் பற்றியது. எழுதியவர், மதிப்பிடுபவர் இருவருக்கும் மற்றவர் பெயர் தெரியக்கூடாது என்பது அந்த இதழின் விதி. தலைப்புப் பக்கம் சுலபமாக முடிந்தது. பெயர்கள், கல்லூரி, மின்னஞ்சல், நன்றியுரை, நிதி விவரம் எல்லாம் தனிக் கோப்புக்குப் போய்விட்டன. முதன்மைக் கோப்பு வெறும் தலைப்பும் சுருக்கமுமாகத் தொடங்கியது.

மல்லுக்கட்டியதெல்லாம் உள்ளேதான். "எங்கள் முந்தைய ஆய்வில் (7) எடுத்தது போலவே மாதிரிகளை எடுத்தோம்" என்று ஒரு வரி. அதை "மாதிரிகள் முன்பு வெளியான ஒரு முறைப்படி (7) எடுக்கப்பட்டன" என்று மாற்றினோம். ஏழாம் எண் மேற்கோள் பட்டியலில் முழுப் பெயர்களோடு அப்படியே இருக்கிறது. "எங்கள் கல்லூரி ஆய்வகத்தில்" என்பது "ஆய்வகத்தில்" ஆனது. கடைசி நேரத்தில்தான் வரைபடத்தின் மூலையில் கல்லூரி முத்திரை இருப்பதை அவள் கண்டுபிடித்தாள்.

கோட்டைவாசல்
எதற்கு இந்தப் பாடு? சொந்தக் கட்டுரைகளை எல்லாம் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு "ஆசிரியர், 2019" என்று போட்டால் தீர்ந்தது. எங்கள் துறையில் அப்படித்தான்.

காட்பாடி நூலகர்
சில இதழ்கள் அப்படியே கேட்கும், அதனால் முதலில் விதியைப் படியுங்கள். கேட்காத இடத்தில் போட்டால், "ஆசிரியர்" என்று வரும் ஒவ்வொரு வரியும் வகுப்பில் கைதூக்குவது மாதிரிதான். முறையைச் சரிபார்க்க நினைக்கும் மதிப்பீட்டாளருக்கும் வழி அடைபட்டுவிடும். அச்சில் வந்ததை வேறு யாரோ எழுதியது போலச் சொல்லிவிட்டால் போதும். இன்னும் வெளிவராத கட்டுரையை மட்டும் மறைத்து, அதன் பிரதியைப் பதிப்பாசிரியருக்குத் தனியாக அனுப்பலாம்.

குடியாத்தம் டீச்சர்
அப்போ பிஎச்.டி. ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் பெயர் போடக்கூடாதா? என் கைடு போடச் சொல்கிறாரே!

காட்பாடி நூலகர்
அது வேறும்மா, ஆய்வேட்டில் தாராளமாகப் போடுங்கள்.

ஆம்பூர் நஸ்ரின்
என் கட்டுரை மதிப்பீட்டுக்கே போகாமல் இதழ் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. கோப்பின் பண்புகளில் மடிக்கணினிக்காரரான என் அண்ணன் பெயர்! ஓரக் குறிப்புகளிலும் அதே பெயர்தான். வேர்டில் File > Info > Check for Issues > Inspect Document போய் நீக்கினேன். நகல் எடுத்துவிட்டு அதில் செய்யுங்கள், நீக்கியது எல்லாம் திரும்ப வராது. கோப்பின் பெயரையும் பாருங்கள், அதில்கூட நம் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பாலாற்றங்கரை
சரி நஸ்ரின், அதையும் பார்க்கிறோம். ஒன்று மட்டும் எனக்கு இடிக்கிறது. ஊர்ப் பெயரை மறைக்க முடியாது, கிணறு இருக்குமிடம்தானே தரவு. பாலாற்றுப் படுகையில் குரோமியம் பார்ப்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும். போதாததற்கு அவள் ஆய்வேடு ஏற்கெனவே சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டது, தலைப்பும் ஏறக்குறைய இதேதான்.

கோட்டைவாசல்
தலைப்பை மாற்றிவிடுங்கள்.

காட்பாடி நூலகர்
மாற்றினாலும் தேடுகிறவர் தேடிவிடுவார். ஆய்வேட்டிலிருந்து வந்தது என்பதைத் தலைப்புப் பக்கத்திலும் பதிப்பாசிரியருக்கான கடிதத்திலும் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.