முறுக்கு முதல் ஈடு மொறுமொறு, மூன்றாவது ஈட்டிலிருந்து நமத்துப்போகிறது. எங்கே தப்பு?

மாடிவீட்டுச்சமையல் (சனி, இரவு 9:40)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு வளைகாப்பு. 2 கிலோ முறுக்கு நான் செய்து தருவதாக வாயைக் கொடுத்துவிட்டேன். ஒத்திகை பார்க்கலாம் என்று நேற்றுச் சாயங்காலம் அரைக் கிலோ மாவில் செய்தேன். இன்று காலை சம்படத்தைத் திறந்தால் பாதி முறுக்கு படக்கென்று உடையாமல் வளைகிறது.

அளவு: பச்சரிசி மாவு 4 பங்கு, வறுத்து அரைத்த உளுந்து மாவு 1 பங்கு, வெண்ணெய் 50 கிராம், எள், உப்பு, பெருங்காயம். இருப்புச்சட்டியில் 1 லிட்டர் கடலெண்ணெய். ஒரு ஈட்டுக்கு 6 முறுக்கு. முதல் ஈடு அருமையாக வந்தது. மூன்றாவது ஈட்டிலிருந்து போட்டதெல்லாம் சூடாக இருக்கும்போது நன்றாகத்தான் இருந்தது, இரவு தாண்டவில்லை. மாவு ஒன்றுதான், கை ஒன்றுதான். மழை ஈரம் காரணமாக இருக்குமா? வெண்ணெய் அதிகமா?

சூடாவேணும் (சனி, இரவு 10:05)

மழையும் இல்லை, வெண்ணெயும் இல்லை. எண்ணெய் காயாமல் போட்டிருக்கிறீர்கள். எண்ணெய் லேசாகப் புகைகிற வரை காயவிட்டு, தீயைக் குறைக்காமல் பொரித்து எடுங்கள். சூடு குறைந்தால் பலகாரம் எண்ணெய் குடிக்கும், நமத்தும் போகும். எங்கள் வீட்டில் எப்போதும் அடுப்பு முழுத் தீயில்தான்.

பஜ்ஜிப்பிரியை (சனி, இரவு 10:20)

எனக்கும் இதே பிரச்சினை! வாழைக்காய் பஜ்ஜி போட்டுப் பையனுக்கு டிபன் பாக்ஸில் வைத்தால் மதியத்துக்குள் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. கடலைமாவில் அரிசி மாவு கூடச் சேர்த்துப் பார்த்துவிட்டேன். ஒரு வழி சொல்லுங்கள்.

இருப்புச்சட்டி (ஞாயிறு, காலை 6:15)

பதினெட்டு வருஷம் கல்யாண வீடுகளுக்குப் பட்சணம் போட்டவன். மாவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை, முதல் ஈடு நன்றாக வந்திருக்கிறதே. முதலில் ஒரு வேலை செய்யுங்கள் அம்மா. வளைகிற முறுக்கில் இரண்டு மூன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து, மேலே இன்னொரு தாளைப் போட்டு அழுத்துங்கள். அப்புறம் உடைத்து, உடைந்த வாயை வெளிச்சத்தில் பாருங்கள். தாளில் எண்ணெய் வட்டம் வருகிறதா? அல்லது தாள் காய்ந்தே இருந்து, முறுக்கின் நடுவில் மாவு பசை மாதிரி வெளுப்பாகத் தெரிகிறதா?

எண்ணெய் குடித்த முறுக்கு வேறு, நமத்த முறுக்கு வேறு. ஜனங்கள் இரண்டையும் ஒரே பேரில் சொல்லிவிடுகிறார்கள்.

பஜ்ஜி கேட்ட அம்மாவுக்கு: உள்ளே இருக்கிற வாழைக்காய் முழுக்க ஈரம். அந்த ஈரம் ஒரு மணி நேரத்தில் மேல்மாவுக்கு வந்துதான் தீரும், மூடி போட்டால் இன்னும் சீக்கிரம். முறுக்கை உள்வரை ஈரமில்லாமல் காயவைத்து எடுக்கலாம், பஜ்ஜியை முடியாது. பையனுக்கு முறுக்கையே கொடுத்தனுப்புங்கள்.

மாடிவீட்டுச்சமையல் (ஞாயிறு, காலை 8:30)

அண்ணா, ஆறு முறுக்கை உடைத்துப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால் இரண்டு வகையும் இருக்கிறது. நாலில் தாள் அவ்வளவாக ஊறவில்லை, ஆனால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, நகத்தால் அழுத்தினால் பதிகிறது. மேலே நிறம் நன்றாகத்தான் ஏறியிருக்கிறது, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே. மீதி இரண்டு வெளுப்பாக இருக்கிறது, தாளில் எட்டணா அளவுக்கு எண்ணெய் இறங்கியது.

சூடாவேணும் அண்ணா, நானும் முதல் ஈட்டுக்குப் பிறகு தீயைக் குறைக்கவே இல்லை.

இருப்புச்சட்டி (ஞாயிறு, காலை 9:10)

அங்கேதான் இருக்கிறது. இரண்டு தப்பு மாறி மாறி நடந்திருக்கிறது, இரண்டுக்கும் வேர் ஒன்று: அந்த எண்ணெய்க்கு 6 முறுக்கு அதிகம்.

பிழிந்த மாவில் ஒரு முறுக்கு 40 கிராம் என்று வையுங்கள். அதில் 15 கிராமாவது தண்ணீர். 6 முறுக்கில் 90 கிராம், அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தண்ணீர் முழுவதையும் உங்கள் 1 லிட்டர் எண்ணெய் ஆவியாக்கி வெளியே தள்ள வேண்டும். 20 கிராம் ஆவியாகப் போவதற்குள்ளேயே, அடுப்பு ஈடுகொடுக்காவிட்டால், எண்ணெயின் சூடு சுமார் 30 டிகிரி இறங்கிவிடும். வீட்டு அடுப்பு கொஞ்சம் ஈடுகொடுக்கும், முழுதும் முடியாது. சூடு இறங்கினால் முறுக்கு மந்தமாகக் கொதித்துக்கொண்டு எண்ணெயிலேயே கிடக்கும். அதுதான் உங்கள் வெளுத்த இரண்டு.

நிறம் வரவில்லையே என்று தீயை ஏற்றுகிறீர்கள். தண்ணீர் முக்கால்வாசி போனதும் எண்ணெய்க்கு வேலை குறைகிறது, சூடு கிடுகிடுவென்று ஏறுகிறது. அந்த ஈட்டை எடுத்த கையோடு அடுத்ததைப் போடுகிறீர்கள். உளுந்து மாவு சீக்கிரம் நிறம் மாறும், அதிலும் வறுத்தது. மேலே சிவந்துவிடுகிறது, நடுவில் ஈரம் நிற்கிறது. எடுத்தவுடன் மேல்தோல் மொறுமொறுதான். ராத்திரி சம்படத்துக்குள் நடு ஈரம் மெதுவாக வெளியே பரவுகிறது. காலையில் வளைகிறது.

அதனால் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், காதால் கேட்டு எடுங்கள். போட்டதும் சளசளவென்று பெரிய நுரை வரும். ஈரம் குறையக் குறைய நுரை சின்னதாகி, சத்தம் ‘சிர்ர்’ என்று மெலிந்து, கடைசியில் அங்கொன்று இங்கொன்றாகக் குமிழி வரும். அப்போதுதான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் நிறம் வந்துவிட்டதென்றால் சூடு அதிகம் என்று அர்த்தம், வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

சூடாவேணும் தம்பி சொன்னதில் பாதி சரி. காயாத எண்ணெயில் போட்டால் குடிக்கும், உண்மை. ஆனால் புகைகிற எண்ணெயில் முறுக்கு கருகும், வேகாது. ஒரு துளி மாவைப் போட்டால் அடியில் ஒட்டாமல் இரண்டு மூன்று எண்ணுவதற்குள் மேலே வர வேண்டும். போட்டவுடனே சிவந்தால் அடுப்பைக் குறைத்து ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும்.

சூடாவேணும் (ஞாயிறு, காலை 9:45)

எங்கள் அம்மா நாற்பது வருஷமாக முழுத் தீயில்தான் செய்கிறார். ஒரு தடவையும் நமத்ததில்லை.

இருப்புச்சட்டி (ஞாயிறு, காலை 10:00)

அம்மா ஒரு ஈட்டுக்கு எத்தனை போடுகிறார், எவ்வளவு எண்ணெயில் என்று கேட்டுச் சொல்லுங்கள் தம்பி.

சூடாவேணும் (ஞாயிறு, காலை 11:20)

கேட்டேன். பெரிய உருளிச் சட்டி, 3 லிட்டர் எண்ணெய், நாலு முறுக்கு. சரி, புரிகிறது. புகைய விடுவாயா என்றும் கேட்டேன், ‘உனக்குப் பைத்தியமா’ என்றார்.

அளந்துபார் (ஞாயிறு, மாலை 4:30)

காதால் கேட்பது ஆளுக்கு ஆள் மாறும். என் யோசனை: பொரிப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு எடை குறைகிறதோ அவ்வளவு தண்ணீர் போயிற்று. எந்த ஈடு வேகவில்லை என்று நம்பரே சொல்லிவிடும்.

இருப்புச்சட்டி (ஞாயிறு, மாலை 5:15)

தண்ணீர் வெளியே போகிற அதே நேரத்தில் எண்ணெய் உள்ளே வருகிறதே சார். தராசு இரண்டையும் கலந்துதான் காட்டும். தண்ணீர் நன்றாகப் போய் எண்ணெய் அதிகம் குடித்த முறுக்கும், தண்ணீர் சரியாகப் போகாமல் எண்ணெய் கொஞ்சமே குடித்த முறுக்கும் உங்கள் தராசில் கிட்டத்தட்ட ஒரே எடைக்கு வந்து நிற்கலாம். தெர்மாமீட்டர் இருந்தால் அதைப் போடுங்கள், அது உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடிக்கிற எண்ணெயில் பெரும்பங்கு சட்டிக்குள் இருக்கும்போது உள்ளே போவதில்லை. உள்ளிருந்து ஆவி வந்துகொண்டிருக்கிற வரை எண்ணெயை அது வெளியே நிறுத்திவைக்கிறது. எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கிற எண்ணெயை இழுத்துக்கொள்ளும். அதனால் ஜல்லிக் கரண்டியில் எடுத்ததும் சட்டிக்கு மேலேயே இரண்டு உதறு உதறி, கம்பித் தட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். செய்தித்தாளில் குவிக்க வேண்டாம். மையும் ஒட்டும், கீழே இருப்பது தன் ஆவியிலேயே வேர்க்கும்.

மாடிவீட்டுச்சமையல் (செவ்வாய், இரவு 8:50)

தம்பி ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு வந்தான். கால் கிலோ மாவில் மூன்று ஈடு போட்டு, தனித்தனி டப்பாவில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். அதே 1 லிட்டர் எண்ணெய்.

அ: 178 டிகிரியில் 3 முறுக்கு, நடுத்தரத் தீ. சூடு 158 வரை இறங்கி நின்றது. ஏறக்குறைய 4 நிமிஷத்தில் சத்தம் அடங்கியது. அப்போது 172.

ஆ: அதே 178இல் 6 முறுக்கு, அதே தீ. கடகடவென்று 138க்குப் போய்விட்டது. 4 நிமிஷத்தில் நான் வழக்கமாக எடுத்துவிடுவேன், அப்போதும் பெரிய நுரைதான். அடங்க ஆறரை நிமிஷம் ஆனது. கடைசியில் பொறுமை இல்லாமல் தீயை ஏற்றிவிட்டேன், எடுக்கும்போது 195.

இ: அந்த 195இலேயே உடனே 3 முறுக்கு. இரண்டே நிமிஷத்தில் சிவந்துவிட்டது, சளசளப்பு நிற்கவே இல்லை. வேண்டுமென்றே அப்படியே எடுத்துவிட்டேன்.

பஜ்ஜிப்பிரியை (செவ்வாய், இரவு 9:15)

பஜ்ஜியையும் நுரை அடங்குகிற வரை விட்டால்?

இருப்புச்சட்டி (செவ்வாய், இரவு 9:30)

வாழைக்காய் சிப்ஸ் ஆகிவிடும் அம்மா.

மாடிவீட்டுச்சமையல் (வியாழன், காலை 7:10)

இரண்டு நாள் ஆயிற்று. ‘அ’ டப்பாவில் முறுக்கு படக்கென்று உடைகிறது. ‘இ’ நேற்றுக் காலையே வளைய ஆரம்பித்துவிட்டது, உடைத்தால் நடுவில் அதே வெள்ளைப் புள்ளி. ‘ஆ’ வளையவில்லை, ஆனால் கடித்தால் கொழகொழவென்று எண்ணெய் வாய், தாளிலும் ஊறுகிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. ‘அ’விலும் சுற்றை முடித்து ஒட்டுகிற நுனி மட்டும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது.

அளந்துபார் (வியாழன், காலை 9:00)

டப்பாவை எத்தனை தடவை திறந்து பார்த்தீர்கள்? இந்த மழையில் திறக்கிறபோதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போகும்.

இருப்புச்சட்டி (வியாழன், காலை 9:40)

ஈரக்காற்று என்றால் முறுக்கு முழுக்க நமக்க வேண்டும், நுனி மட்டும் ஏன்? அழுத்தி ஒட்டுகிற இடத்தில் கனம் இரட்டிப்பாகிறது. அங்கே ஈரம் போக நேரம் அதிகம் வேண்டும். நுனியை லேசாகத் தொட்டுவிடுங்கள், அமுக்காதீர்கள்.

மணப்பாறையில் முறுக்கை முக்கால் வேக்காட்டில் எடுத்து, ஆறவைத்து, மறுபடியும் எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். முதல் தடவை எடுத்து ஆறும்போது நடு ஈரம் வெளிப்பக்கம் வந்துவிடும், இரண்டாவது தடவை அது போய்விடும் என்பது என் கணக்கு. ‘இ’ டப்பாவில் இருப்பதை 160 டிகிரியில் ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்கள், பிழைக்கும். ‘ஆ’வை ஒன்றும் செய்ய முடியாது, உள்ளே போன எண்ணெய் வெளியே வராது.

அளந்துபார் (வியாழன், காலை 10:30)

நான் இன்னமும் டப்பா என்றுதான் சொல்வேன். ஒரு டப்பாவைத் திறக்காமல் மூன்று நாள் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாடிவீட்டுச்சமையல் (வியாழன், மதியம் 1:20)

‘இ’ பிழைத்துவிட்டது அண்ணா! நிறம்தான் இன்னும் ஒரு படி ஏறிவிட்டது, சபையில் வைக்க முடியாது, வீட்டுக்கு ஆகும்.

வளைகாப்புக்கு எண்ணெயை 2 லிட்டராக்கி, ஈட்டுக்கு 4 போடப்போகிறேன். 2 கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும். நாத்தனாரிடம் ஒன்றரைக் கிலோ போதுமா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.