நாக்கின் பின்பக்கம் ஒரு பக்கம் மட்டும் கட்டி: யாரிடம் காட்டுவது?

அப்பாவுக்கு வயது 58, ஊர் மதுரை. பல வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். போன மாதம் பல் துலக்கி நாக்கு வழிக்கும்போது, பின்பக்கம் இடது ஓரத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பக்கத்து டாக்டர் சுவை மொட்டுதான் என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தும் பார்த்தாச்சு, குறையவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கின் பின்னால் ‘வி’ வடிவில் வரிசையாக நிற்கும் மொட்டுகள் எல்லோருக்கும் உண்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இது இடது பக்கம் மட்டும்தான். தொட்டால் கெட்டியாக இருக்கிறது, வலி இல்லை. ஆனால் விழுங்கும்போது இடது காது வலிக்கிறது என்கிறார். அதுதான் எனக்குப் பயம்.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுவதா, நேராகப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்ச் சதைப் பரிசோதனை கேட்பதா?