மீளுயரமா, பின்கணிப்பா? கூம்பு விடை சரிபார்ப்புக்கு ஒரு சொல்

ஈரோடு:
வணக்கம். பத்தாம் வகுப்பு ஆசிரியர் கையேட்டின் அளவியல் பகுதி நாளை அச்சுக்குப் போகிறது. ஆரம் 7 செ.மீ, சாயுயரம் 25 செ.மீ என்று கொடுத்துக் கூம்பின் கன அளவு கேட்டால், பிள்ளைகள் பலர் 25-ஐயே உயரமாகப் போட்டு 1283.33 என்று முடித்துவிடுகிறார்கள். உயரம் 24, விடை 1232. இரண்டும் பக்கத்தில் இருப்பதால் உத்தேசமாகப் பார்த்தால் தவறு சிக்காது. எனவே விடையை மூன்றால் பெருக்கி, அடிப்பரப்பு 154-ஆல் வகுக்கச் சொல்கிறோம். 24 வர வேண்டும். 25 வந்தால் சாயுயரம் நுழைந்துவிட்டது. இப்படித் திரும்பக் கிடைக்கும் உயரத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

மதுரை:
மீளுயரம். சாயுயரம் போலவே வினைத்தொகை, காலம் மூன்றும் அடங்கும். கூடவே, வெறும் 'உயரம்' என்பதைக் குத்துயரம் ஆக்குங்கள். குழப்பத்தின் வேரே அந்த மொட்டைச் சொல்தான்.

சேலம்:
குத்துயரத்தை மாணவன் 'குத்-துயரம்' என்று படிப்பான் ஐயா! சரிபார்ப்புக்கு இவ்வளவு எதற்கு? விடை பின்னமாக வந்தால் தவறு, அவ்வளவே.

ஈரோடு:
ஆரம் 21, சாயுயரம் 29 எடுத்துப் பாருங்கள். உயரம் 20, சரியான விடை 9240. தவறாகப் போட்டாலும் 13398, முழு எண்தான்.

கோவை:
எனக்குப் புரியவில்லை. πrl-இல் சாயுயரம்தானே வரும்? அதை ஏன் தவறு என்கிறீர்கள்?

ஈரோடு:
அது வளைபரப்பு. இங்கே பேசுவது கன அளவு.

தஞ்சாவூர்:
எங்கள் களத்தில் நெல் அம்பாரத்தை அளக்கும்போது இதே கூத்து. உச்சிக்குள் டேப்பை இறக்க முடியாது, சரிவில்தான் பிடிப்போம். அடி ஆரம் 2 மீட்டர், சரிவு 2.5 என்றால் உயரம் 1.5தான். உண்மையில் ஆறே கால் கன மீட்டர் நெல்லைப் பத்தரை என்று விலை பேசிவிடலாம்.

மதுரை:
கூம்பு தட்டையாக ஆக ஆகப் பிழை பெருகும். தவறான விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள விகிதம் சாயுயரம் வகுத்தல் உயரம். ஈரோட்டுக் கூம்பு ஒல்லி, அதனால்தான் 25-க்கு 24. ஆகவே கையேட்டில் ஒல்லிக் கூம்பையே கொடுங்கள். மீளுயரம் கண்டால் மட்டுமே பிடிபடும்.

யாழ்ப்பாணம்:
எங்கள் பக்கம் செங்குத்துயரம், சரிவுயரம், கனவளவு என்றே படிப்பிக்கிறோம். மீளுயரம் கேட்க அழகுதான். ஆனால் பிள்ளைக்கு அது மூன்றாவது உயரம் ஆகிவிடும். செயலுக்குப் பெயர் வையுங்கள்: பின்கணிப்பு.

மதுரை:
பின்கணிப்பில் உயரம் எங்கே இருக்கிறது? 'மீள்' என்ற வேரைப் பாருங்கள், மீட்சி, மீட்டல், மீளி...

ஈரோடு:
மீளி வீரனைக் குறிக்கும் ஐயா, அதை இன்னொரு நாள் பேசுவோம். மதுரை சொன்ன மீளுயரமே பொருந்துகிறது. அதையே போட்டு, முதல் முறை வரும் இடத்தில் 'விடையிலிருந்து திரும்பக் கண்ட உயரம்' என்று விரித்து எழுதுகிறேன். குத்துயரம் வேண்டாம், 'உயரம்' அப்படியே இருக்கட்டும்.

யாழ்ப்பாணம்:
அந்த விரித்த தொடரே போதும், சொல் எதற்கு? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கோ.