புதுப்பிப்பு: 40 வீடுகளும் திறக்காத 11 கதவுகளும்

"தம்பி, 40 வீட்டைக் கேட்டுவிட்டு, திருகோணமலையில் 65 வீதத்தினர் கிணற்று நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்கள் என்று எழுதலாமா? ஊரில் பத்து வீதமாவது கேட்க வேண்டாமா?" என்று என் முந்தைய பதிவைப் படித்த ஓர் அண்ணா கேட்டிருந்தார்.

தலைப்பைத் திருத்திவிட்டேன், அண்ணா: "உப்புவெளியின் இரண்டு ஒழுங்கைகளில், 40 வீடுகளில் 26". பத்து வீதக் கணக்கைத்தான் ஏற்க மாட்டேன். ஊர் பெரிதாக இருந்தால், அதன் அளவைவிட எத்தனை பேரைக் கேட்டோம் என்பதே முக்கியம். 40 வீடுகளுக்குப் பிழை இரு பக்கமும் சுமார் 15 புள்ளி. அதைப் பாதியாக்க 160 வீடுகள் வேண்டும்.

புள்ளிவிபரவியல் படிப்பித்த அக்கா ஒருவர் அதையும் விடவில்லை. "வீடுகளைக் குலுக்கல் முறையில் தெரிந்திருந்தால்தான் அந்த 15 பொருந்தும். நீ நடந்த வழியில் கண்டதைக் கேட்டாய்" என்றார். உண்மை.

குறிப்பேட்டைப் புரட்டினேன். தட்டிய கதவுகள் 51; திறக்காதவை 11. அவர்களில் எவருமே கொதிக்கவைக்காவிட்டால் 51 வீதம், எல்லோரும் கொதிக்கவைத்தால் 73. இந்த இடைவெளியையும் இப்போது பதிவில் சேர்த்திருக்கிறேன்.

என்னை உறுத்துவது வேறு. "கொதிக்கவைத்துத்தானே குடிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறேன். ஓர் அம்மா குடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சற்றுத் தயங்கி, "ஓம்" என்றார். அந்தத் "தானே" எத்தனை "ஓம்"களைப் பெற்றுத் தந்ததோ, கணக்கிட வழியில்லை.

தன் கிணறு உவர்க்கிறது என்று எழுதியவருக்கு: கொதிக்கவைத்தால் உப்புப் போகாது, ஐயா.

அந்த 11 வீடுகளுக்கும் மாலையில் ஒருமுறை போகிறேன், "தானே" இல்லாமல்.