'த்ராட்லிங்': மதகா, வேகக் கட்டுப்பாடா?

கயல்: வணக்கம். ஒரு செயலியின் உதவிப் பக்கத்தை நாளை காலைக்குள் தர வேண்டும். 'கூட்ட நேரத்தில் ஓடிபி தாமதமாவதற்கு த்ராட்லிங் காரணம்' என்று ஒரு வரி. 'வடிகட்டல்' என்று போட்டேன், திருத்துநர் சுழித்துவிட்டார். வேறு சொல் உண்டா?

செல்வம்: எனக்கும் இதே தொல்லைதான் அம்மா. இன்பாக்ஸ் நிறைந்திருக்கும், பழைய செய்திகளை அழித்துப் பாருங்கள்.

கயல்: ஐயா, எனக்குச் சொல்தான் வரவில்லை, ஓடிபி இல்லை!

இரகு: திருத்துநர் சொன்னது சரி. வாசகத்தையும் அனுப்புநர் பெயரையும் சோதிப்பது வடிகட்டி. அதில் சிக்கினால் பெரும்பாலும் செய்தி வரவே வராது. தாமதத்துக்குக் காரணம் வேறு: நொடிக்கு இத்தனை செய்திதான் போகலாம் என்ற வரம்பு. அது 100 என்று வையுங்கள். ஒரு நிமிடம் முழுக்க நொடிக்கு 300 வந்தால் 18,000-இல் 6,000 போகும், 12,000 தேங்கும். கடைசியில் நிற்பவருக்கு 2 நிமிடத் தாமதம். அவர் 30 நொடியிலேயே 'மீண்டும் அனுப்பு'வை அழுத்துவார். செயலி புதுக் குறியீடு உண்டாக்கி, பழையதைச் செல்லாததாக்கும். முதலில் கைக்கு வருவதோ பழையது. இட்டால் 'தவறு' என்கிறது. உடனே இன்னொரு அழுத்தல். வரிசை முழுக்கச் செத்த குறியீடுகள்.

புலவர் மாணிக்கம்: அப்படியானால் 'மதகு'! தடுப்பதில்லை, அளந்து விடுகிறது. மிஞ்சியதை வெளியே தள்ளினால் 'கலிங்கு'. 'மடை'யும் பொருந்தும், ஆனால் அதற்குப் படையல் என்றும் பொருள், மடைப்பள்ளி நினைவிருக்கிறதா? மடை திறப்பவனே மடையன் என்பாரும் உண்டு.

நிவேதா: மடையன் 'மடமை'யின் பிள்ளை ஐயா, அதை விடுங்கள். 'மதகு' என்று போட்டால் அணை திறந்த செய்தி என்று நினைப்பார்கள். 'வேகக் கட்டுப்பாடு' போதும். அப்புறம், குறியீட்டின் ஆயுளை 10 நிமிடமாக்கினால் சிக்கலே தீர்ந்துவிடுமே?

இரகு: பாதிதான் தீரும். அமெரிக்கத் தர நிறுவனமான NIST-இன் வழிகாட்டியும் 10 நிமிடத்தையே உச்சமாக வைக்கிறது. ஆனால் மறு அழுத்தலில் பழையது செத்துப்போனால் ஆயுள் எதற்கு? ஆயுள் முடியும்வரை அதே குறியீட்டையே மறுபடி அனுப்ப வேண்டும். எது முந்தி வந்தாலும் செல்லும். தவறான முயற்சிகளின் எண்ணிக்கையை மட்டும் புதிதாகத் தொடங்கக் கூடாது. குறுஞ்செய்தியின் செல்லுபடிக் காலமான `validity_period`-ஐயும் குறியீட்டின் ஆயுளுக்கு ஒப்ப வைத்தால், காலம் கடந்ததைக் குறுஞ்செய்தி மையமே கைவிடும்.

புலவர் மாணிக்கம்: கைவிடுகிறதா? அதுதான் கலிங்கு!

நிவேதா: இல்லை ஐயா, அது வரம்பு மிஞ்சியதல்ல, காலாவதியானது.

கயல்: எனக்கு நேரமில்லை. 'செய்தி வரிசையில் காத்திருக்கிறது' என்று போட்டு அனுப்பிவிட்டேன். கலைச்சொல் பட்டியலுக்கு 'வேகக் கட்டுப்பாடு', மூன்று பேர் சரி என்றதால்.

புலவர் மாணிக்கம்: என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு என்றால் வேலி. இது வேலி இல்லை.

செல்வம்: எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இப்போது மூன்று குறியீடுகள் சேர்ந்தாற்போல் வந்திருக்கின்றன. எதை இடுவது?

இரகு: கடைசியாகக் கேட்டதை. எது கடைசி என்று செய்தியில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா? வந்த வரிசையை நம்ப முடியாது.

செல்வம்: மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.