மீட்டிங்குக்கு வரச் சொன்னவர் ஆளையே காணோம், கோபம் தெரியாமல் இன்னொரு நாள் எப்படிக் கேட்பது? (கோலாலம்பூர்)

சேலம் பிரபு
வணக்கம். கோலாலம்பூர் வந்து இன்னும் ப்ரொபேஷன்கூட முடியவில்லை, சேல்ஸ் வேலை. இன்று ஒருவரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தேன், அவரே வாட்ஸ்அப்பில் சரி என்று சொன்னார். வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஆள் இல்லை, போன் அடித்தால் எடுக்கவில்லை. இங்கே என் மேனேஜர் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்னொரு நாள் கேட்க வேண்டும், ஆனால் எனக்கு எரிச்சல் என்று தெரிந்துவிடக் கூடாது, அவரைக் குறை சொல்கிற மாதிரியும் இருக்கக் கூடாது. என்ன எழுதட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

செந்தூல் மணியம்
தம்பி, ப்ரொபேஷன் என்கிறீர்கள், முதலில் பெர்மிட் கையில் வந்துவிட்டதா என்று பாருங்கள். நான் வந்த புதிதில் வேலை சரியாக அமையாமல் செந்தூலில் ஒரு ரூமில் நான்கு பேரோடு கிடந்தேன், வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையை டெபாசிட் வைத்தால்தான் சாவி தருவேன் என்றார். இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிவிட்டு ஆளே வராத கம்பெனிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த மாதிரி இடத்துக்குத் திரும்பிப் போகவே வேண்டாம்.

சேலம் பிரபு
அண்ணே, இன்டர்வியூ இல்லை. கஸ்டமர் மீட்டிங்.

பூச்சோங் ராஜேஷ்
கஸ்டமர் என்றால் இடத்தை விட்டு நகராதீர்கள். ஒரு மணி நேரமாவது இருங்கள், நடுவில் ஒரு மூன்று முறை போன் அடியுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் உங்கள் கார்டின் பின்னால் "2 மணிக்கு வந்தேன், காத்திருந்தேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வந்ததற்கு ஒரு சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் மேனேஜரிடம் நீங்கள்தான் வரவில்லை என்று சொல்லிவிடுவார்.

கிள்ளான் அக்கா
பிரபு, எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். எந்த ஊரில், யாருடைய இடத்தில் இருக்கிறீர்கள்? அவர் முதலாளியா, மேனேஜரா? எத்தனை மணிக்குச் சொன்னார்? இதுவரை எத்தனை முறை போன் அடித்தீர்கள்? முக்கியமாக, இந்தப் பேச்சு அவரும் நீங்களும் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப்பிலா, குரூப்பிலா?

சேலம் பிரபு
ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலை அக்கா. கிடங்கு மேனேஜர், மலாய்க்காரர். நாங்கள் லேபிள் பிரிண்டரும் ஸ்கேனரும் விற்கிறோம், டெமோ பிரிண்டரைப் பையில் தூக்கிக்கொண்டு கார்ட் ஹவுஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். 2 மணிக்குச் சொன்னது, இப்போது 2.25. இரண்டு முறை அடித்தேன். குரூப் ஒன்று இருக்கிறது, அதில் அவருடைய பாஸும் என் மேனேஜரும் இருக்கிறார்கள். "நான் கேட்டில் இருக்கிறேன் சார்" என்று அதில் போடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் அக்கா
போடாதீர்கள். இதை முதலில் சொல்லியிருக்கலாமே தம்பி, எல்லாமே இதில்தான் இருக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை. ஷா ஆலாமில் ஒரு முஸ்லிம் மேனேஜரிடம் வெள்ளி மதியம் 2 மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறீர்கள். ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்டு, பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுத்து வர அந்த நேரம் பத்தாது. அரசாங்க ஆபீஸ்களிலேயே வெள்ளி மதிய இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. தனியார் கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, ஆனால் 3 மணிக்கு முன்னால் யாரும் நாற்காலியில் இருப்பார்கள் என்று நம்பி நாம் போவதில்லை. அவர் ஏன் சரி என்றார் என்று கேட்பீர்கள். நேரடியாக மறுப்பதற்குச் சங்கடப்பட்டுச் சரி சொல்லியிருக்கலாம், கிழமையைக் கவனிக்காமலும் சொல்லியிருக்கலாம். இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் இப்படி ஒரு காரணம் இருக்கும்போது கோபம் தெரிகிற மாதிரி ஒரு வரி போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது.

குரூப்பில் போட்டால் அவருடைய பாஸ் பார்ப்பார். உங்கள் மனதில் அது வெறும் தகவல், அவருக்கு அது பாஸ் முன்னால் வைத்த புகார். அதற்கப்புறம் உங்கள் பிரிண்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவர் வாங்க மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார், அப்படியே இழுத்துக்கொண்டு போவார்.

இப்போது அவருக்குத் தனியாக ஒரே ஒரு வரி அனுப்புங்கள்: "என்சிக், நான் கார்ட் ஹவுஸ் பக்கத்தில் இருக்கிறேன், 3 மணி வரை இந்தப் பக்கம்தான்." அவ்வளவு போதும், இனிமேல் போன் அடிக்காதீர்கள். தொழுதுவிட்டு வருகிறவர் போனைத் திறந்ததும் நான்கைந்து மிஸ்ட் கால் இருந்தால் உங்களைக் கூப்பிடவே தயங்குவார். 3 மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

பூச்சோங் ராஜேஷ்
அக்கா, மதிக்கிறேன், ஆனால் நீங்கள் ரொம்ப விட்டுக்கொடுக்கிறீர்கள். நம் நேரத்துக்கும் மதிப்பு இருக்கிறது என்று ஒரு தடவை காட்டினால்தான் அடுத்த தடவை வருவார்கள்.

பினாங்கு செல்வி
கிழமை விஷயத்தில் அக்கா சொல்வது உண்மை. நான் பினாங்கிலிருந்து கெடா பக்கம் போய் விற்கிறவள், அங்கே மாநில வார விடுமுறையே வெள்ளியும் சனியும்தான். புதிதாக வந்தவர்கள் கெடாவில் வெள்ளிக்கிழமைக்கு நேரம் கேட்டுவிட்டு, பதிலே வரவில்லை என்று புலம்புவார்கள். பெரிய தொழிற்சாலைகள் சில திங்கள் முதல் வெள்ளி வரை ஓடும், அதனால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

செந்தூல் மணியம்
இதைத்தான் நானும் சொல்கிறேன், இங்கே நமக்கு யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை. ஷா ஆலாமிலிருந்து அவன் திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் வெள்ளி சாயங்கால நெரிசல், அதோடு மழையும் சேர்ந்தால் கிராப் விலை எங்கேயோ போய்விடும். அந்தக் காசை யார் தருவார்கள்?

பூச்சோங் ராஜேஷ்
கம்பெனி தராது அண்ணே. எனக்கு மைலேஜ் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஊரில் பைக்கை எடுத்தால் வேலை முடிந்தது, இங்கே கார் இல்லாமல் சேல்ஸே செய்ய முடியாது.

பினாங்கு செல்வி
கார் கதையைத் தனியாகப் பேசுவோம். பிரபு கிளம்பிவிட்டாரா? அக்கா, அடுத்த மெசேஜ் என்ன எழுதுவது என்று சொல்லவில்லையே.

சேலம் பிரபு
3 மணிக்குக் கிளம்பிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பார்த்தும் பதில் போடவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

கிள்ளான் அக்கா
பார்த்துவிட்டுப் பதில் போடாதவர் பெரும்பாலும் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் இருப்பார். மன்னிப்புக் கேட்கிற வேலையை அவருக்கு வைக்காதீர்கள், அடுத்த நாளைத் தேர்ந்தெடுக்கிற வேலையை மட்டும் வையுங்கள். இன்றே, 4.30 போல, வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுதுங்கள். திங்கள்வரை விட்டால் அவருடைய சங்கடம் வளரும், உங்கள் எரிச்சலும் வளரும்.

இப்படி எழுதுங்கள், ஆங்கிலமோ மலாயோ, நீங்கள் அவரோடு வழக்கமாகப் பேசுகிற மொழியில்:

"என்சிக், இன்று நேரம் அமையவில்லை போலிருக்கிறது. உங்கள் கிடங்கில் ஓடுகிற பெட்டியிலேயே லேபிள் ஒட்டிக் காட்டுகிறேன், 20 நிமிடம் போதும். செவ்வாய் காலை 10 மணி, புதன் காலை 11 மணி, இதில் எது வசதி? இரண்டும் ஒத்துவராவிட்டால் உங்களுக்கு ஏற்ற நாளைச் சொல்லுங்கள்."

இதில் "நீங்கள்" வரவில்லை, "காத்திருந்தேன்" வரவில்லை, "2 மணி" வரவில்லை. நேரம் அமையவில்லை என்றால் தப்பு யார் மேலும் விழாது. நிறையப் பேர் "பரவாயில்லை சார்" என்று ஆரம்பிப்பார்கள். நல்ல மனதோடுதான் எழுதுவார்கள், ஆனால் அவர் இன்னும் மன்னிப்பே கேட்காதபோது நாம் மன்னித்துவிட்டதாக எழுதினால், நீ தப்புச் செய்தாய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். "எல்லாம் நலம்தானே" என்று கேட்பதும் வேண்டாம், காரணம் சொல்லு என்று கேட்பதாகத்தான் அவருக்குப் படும்.

இரண்டு நேரம் தருவதற்குக் காரணம், "எப்போது ஃப்ரீ" என்று கேட்டால் அவர் டைரியைத் திறந்து யோசிக்க வேண்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார். இரண்டில் ஒன்று என்றால் நடந்துகொண்டே பதில் போடலாம்.

காலண்டர் அழைப்பில் இப்போது கை வைக்காதீர்கள். ரத்து செய்தால் அதில் இருக்கும் எல்லோருக்கும், அவருடைய பாஸுக்கும், ரத்து என்று தலைப்போடு மெயில் போகும். அவர் நாள் சொன்ன பிறகு அதே அழைப்பை இழுத்துப் புது நாளில் வையுங்கள்.

உங்கள் மேனேஜருக்குத் தனி மெயிலாக "வேறு நாளுக்கு மாற்றுகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். கஸ்டமர் மெயிலின் கீழேயே "ஆள் வரவில்லை" என்று எழுதி ஃபார்வர்ட் செய்தால், ஒரு மாதம் கழித்து யாராவது அதே மெயில் தொடரில் விலைப்பட்டியலை வைத்து அவருக்கே அனுப்புவார்கள். இது எங்கள் ஆபீஸில் நடந்திருக்கிறது.

பூச்சோங் ராஜேஷ்
சரி, மெயில் விஷயம் நியாயம். ஆனால் இரண்டாவது தடவையும் வரவில்லை என்றால்? அப்போதும் நேரம் அமையவில்லையா?

கிள்ளான் அக்கா
அப்போது நாளை மாற்றிப் பயனில்லை, கேட்பதை மாற்ற வேண்டும். "கிடங்கில் லேபிள் வேலை பார்க்கிறவர் வேறு யாராவது இருந்தால் அவரிடம் காட்டட்டுமா" என்று கேளுங்கள். விருப்பம் இல்லாதவருக்குக் கௌரவமாக நழுவ அது வழி, விருப்பம் இருந்தும் நேரம் இல்லாதவருக்கும் அது வழி. அதற்கும் பதில் இல்லை என்றால் நான் நிறுத்திவிடுவேன், ராஜேஷ் ஒருவேளை நேரில் போய் நிற்பார்.

பூச்சோங் ராஜேஷ்
போய்த்தான் நிற்பேன். அப்படிப் போய் நின்று ஆர்டர் வாங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சேலம் பிரபு
திங்கள் காலை அப்டேட். வெள்ளி அனுப்பினதற்கு இன்று 9 மணிக்குப் பதில் வந்தது: செவ்வாய், புதன் முடியாது, ஸ்டாக் எடுக்கிறார்கள், வியாழன் 10.30 வா என்றார். வெள்ளி பற்றி ஒரு வார்த்தை இல்லை, நானும் கேட்கவில்லை. அழைப்பை வியாழனுக்கு நகர்த்திவிட்டேன். முந்தின நாள் ஞாபகப்படுத்தலாமா? போன தடவை மறந்தீர்களே என்று சொல்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கிள்ளான் அக்கா
ஞாபகப்படுத்தத்தான் வேண்டும், ஆனால் "நாளை உறுதிதானே" என்று கேட்காதீர்கள். அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு சின்ன வேலையைக் கேளுங்கள். புதன் மதியம் 3 மணி போல, "நாளை 10.30க்கு பிரிண்டரோடு வருகிறேன், எந்த கேட் வழியாக வரட்டும், கேட் பாஸ் எழுத பெயரை முன்னாலேயே கொடுக்கட்டுமா" என்று போடுங்கள். அவர் கேட் எண்ணைச் சொன்னால் மீட்டிங் உறுதி என்று அர்த்தம். சொல்லாவிட்டால் வியாழன் காலை 8.30க்கு ஒரே ஒரு போன், அதற்கும் பதில் இல்லை என்றால் கிராப் கூப்பிடாதீர்கள்.

செந்தூல் மணியம்
கேட் பாஸ் எழுதும்போது ஒரிஜினல் பாஸ்போர்ட்டை கார்டிடம் விட்டுவிட்டு உள்ளே போகாதே தம்பி. நகலோ கம்பெனி கார்டோ போதுமா என்று அதையும் அந்த மெசேஜிலேயே கேட்டுக்கொள்.